வெள்ளையில் தெரியாத வெள்ளைக் கோடு

காரைக்குடியில் சேலைக் கடைகளுக்கும் பழம்பொருள் கடைகளுக்கும் படங்களில் பின்னணியை நீக்கிக் கொடுப்பது என் தொழில். பழக வரும் பிள்ளைகள் நான் முதல் ஆண்டில் செய்த பிழையையே செய்கிறார்கள். வளைவு பிசகுவது, மூலை விடுபடுவது போன்றவை தாமே கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாத ஒன்றைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

படம் எடுத்த நிறத்திலேயே சோதிப்பது

மஞ்சள் கண்டாங்கி ஒன்றை வெள்ளைச் சுவர் முன் தொங்கவிட்டு எடுத்திருந்தார்கள். வெட்டி முடித்து, வெள்ளைப் பின்னணியில் வைத்துப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது, அனுப்பிவிட்டேன். கடைக்காரர் அதை அரக்கு நிறத்தின் மேல் வைத்து ஃபிளெக்ஸ் அடித்து வாசலில் கட்டிவிட்டார். மறுநாள் போனில், "தம்பி, சேலையைச் சுற்றிச் சுண்ணாம்பு அடித்ததுபோல இருக்கிறதே" என்றார். மறுபடி அடித்த செலவு என்னுடையது. இன்றும் யாராவது வெள்ளையில் மட்டும் பார்த்து அனுப்பினால் எனக்குக் கோபம் வருகிறது.

விளிம்பில் இருக்கும் பிக்சல்களில் பாதி சேலையின் நிறம், பாதி சுவரின் நிறம். வெள்ளையின் மேல் அந்தச் சுவர் நிறம் கரைந்துவிடும். அடர்நிறத்தின் மேல் கோடாக எழும். கறுப்புத் துணி முன் எடுத்த படம் இதற்கு நேர்மாறு: வெள்ளையில்தான் அழுக்குக் கோடு தெரியும்.

ஆகவே ஃபோட்டோஷாப்பில் படத்துக்கு அடியில் Solid Color லேயர்கள் நான்கு வையுங்கள்: கறுப்பு, வெள்ளை, பொருளில் இல்லாத பளீர் நிறம் ஒன்று, வாடிக்கையாளர் பயன்படுத்தப்போகும் நிறம். ஒவ்வொன்றாக ஏற்றி, 100 விழுக்காடு அளவில் விளிம்பை முழுதாகச் சுற்றி வாருங்கள்.

கோடு தெரிந்தால், நேரான கரையில் மாஸ்கை ஒரு பிக்சல் உள்ளே இழுத்தால் பெரும்பாலும் போதும். முந்தானை நூல்களில் அதைச் செய்யாதீர்கள். நூலே இரண்டு மூன்று பிக்சல் அகலம்தான்; சுருக்கினால் குஞ்சம் மொட்டையாகிவிடும். அங்கே மேலே ஒரு புதிய லேயரை கிளிப்பிங் மாஸ்காக இணைத்து, நூலின் உட்பகுதியிலிருந்து நிறத்தை எடுத்து, மெல்லிய பிரஷால் வெளுத்த இடங்களில் தடவுங்கள். நூலின் வடிவமும் மென்மையும் அப்படியே இருக்கும். சுவரின் வெள்ளை மட்டும் மறையும்.

கட்டங்களை நம்புவது

பின்னணி நீங்கிய இடத்தில் திரையில் தெரியும் சாம்பல், வெள்ளைக் கட்டங்கள் வெளிறிய கோட்டை விழுங்கிவிடும்.

விளிம்பை மட்டும் பார்ப்பது

அழிக்காமல் விட்ட புள்ளிகள் தள்ளி எங்கோ கிடக்கும். லேயருக்குச் சிவப்பு Stroke கொடுங்கள். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் சிவப்பு வளையம் விழும். அழித்ததும் Stroke-ஐ எடுத்துவிடுங்கள்.

சோதனை நிறத்தோடு சேமிப்பது

PNG ஆக்கும் முன் அடியில் வைத்த நான்கு நிற லேயர்களையும் அணையுங்கள்.