பம்ப்போட வட சென்னைக்கு குடி வர்றவங்களுக்கு: சைட் போச்சுன்னா, பம்ப் நின்னுச்சுன்னா

மலேசியா, சிங்கப்பூர், கனடா, லண்டன்னு வெளிய இருந்துட்டு இப்ப ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கம் வீடு பாத்து வர்றவங்கள்ல, இடுப்புல இன்சுலின் பம்ப் மாட்டிட்டு வர்றவங்களுக்காக மட்டும் இது. வீட்டு வாடகை, கேஸ் கனெக்ஷன் எல்லாம் வேற யாராவது சொல்லுவாங்க. நானும் வண்ணாரப்பேட்டைல பம்ப் போட்டுட்டு சுத்துற ஆளுதான்.

மொதல்ல ரெண்டு நம்பர் விஷயம். நீங்க வந்த ஊர்ல சுகர் 7, 10, 14ன்னு மில்லிமோல்ல பாத்திருப்பீங்க, இங்க எல்லாரும் மில்லிகிராம்தான், 18ஆல பெருக்கிக்கோங்க. 14ன்னா இங்க 250 பக்கம். ரெண்டாவது இதவிட முக்கியம், மெடிக்கல் ஷாப்ல போய் சும்மா "இன்சுலின் வயல் குடுங்க"ன்னு கேட்டா எம்எல்லுக்கு 40 யூனிட் இருக்குற வயல் கைக்கு வரலாம், நம்ம ஊர்ல அது சர்வ சாதாரணம். பம்ப் கணக்கு போடுறது 100 யூனிட் இன்சுலினுக்கு. 40 வயல ஊத்துனா, பம்ப் ஒரு யூனிட் குடுத்தேன்னு காட்டும், உள்ள போறது 0.4தான். சிரிஞ்சும் அப்படியே, செகப்பு மூடின்னா 40க்கு, ஆரஞ்சு மூடின்னா 100க்கு. 100 இன்சுலின செகப்பு மூடி சிரிஞ்சுல 10 கோடு வரைக்கும் இழுத்தா நெஜத்துல 25 யூனிட், அது ஆபத்து. அதனால லேபிள்ல 100 இருக்கா, லிஸ்ப்ரோவோ அஸ்பார்ட்டோ உங்க டாக்டர் எழுதுனதுதானான்னு படிச்சுட்டு வாங்குங்க. அவசரத்துக்கு பேனா வச்சிக்கிட்டீங்கன்னா சிரிஞ்சு குழப்பமே கெடையாது.

இப்ப பேசல். பம்ப்புக்குள்ள இருக்குறது வேகமா வேலை செய்யுற இன்சுலின் மட்டும்தான், நாள் பூரா நிக்குற லாங் ஆக்டிங் எதுவும் இல்ல. அதுக்கு பதிலாதான் சொட்டு சொட்டா மணிக்கு இவ்வளவுன்னு போயிட்டே இருக்கு, அதுதான் பேசல் ரேட். மணிக்கு 0.8 யூனிட்னா ஒரு நாளைக்கு 19.2. விடியக்காலம் ஒடம்பு தானா சுகர ஏத்தும்ங்கறதால 3 மணிலேர்ந்து 7 மணி வரைக்கும் நெறைய பேருக்கு ரேட் கொஞ்சம் கூட இருக்கும். நீங்க சாப்பிடாம படுத்திருந்தாலும் ஈரல் சக்கரைய விட்டுட்டே இருக்கும், அத அடக்குறதுதான் பேசலோட வேலை. இந்த சொட்டு நின்னுடுச்சுன்னா ஒடம்புல ஸ்டாக் எதுவுமே இல்ல, ரெண்டு மூணு மணி நேரத்துல சுகர் ஏறும், கீட்டோனும் மெதுவா தலை காட்டும், அப்படியே விட்டா அஞ்சாறு மணி நேரத்துல வாந்தி, வயித்து வலின்னு கீட்டோஅசிடோசிஸ் வரைக்கும் போகலாம். பேனா போடுற டைப் 1காரங்க ஒரு ஊசி மறந்தாலும் லாங் ஆக்டிங் கொஞ்சம் தாங்கும், நமக்கு அந்த சலுகை இல்ல. குளிக்க கழட்டுறது, அரை மணி முக்கா மணி, அதெல்லாம் ஒண்ணும் ஆகாது.

போலஸ் உங்களுக்கே தெரியும், சாப்பாட்டுக்கு ஒண்ணு, ஏறுன சுகர எறக்க ஒண்ணு. இங்க சாப்பாடுதான் மாறுது. நாலு இட்லி ஏறக்குறைய 50 கிராம் மாவுச்சத்து, உங்க ரேஷியோ 1க்கு 10ன்னா 5 யூனிட், சிம்பிள். ஆனா பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ சாப்பிடாம இருக்க மாட்டீங்க, யாரும் இருந்ததில்ல. நூடுல்ஸ், அது மேல எண்ணெய், பொரிச்ச பேஜோன்னு சேர்ந்து வரதால சுகர் லேட்டா ஏறி லேட்டா எறங்கும், மொத்தத்தையும் ஒரே அடியா போட்டா மொதல்ல லோ அப்புறம் ஹை. உங்க பம்ப்புல போலஸ பிரிச்சு குடுக்குற வசதி இருந்தா பாதி இப்ப, மீதி ரெண்டு மணி நேரத்துல போற மாதிரி வச்சு ட்ரை பண்ணி பாத்து, உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க.

சரி, இங்க வந்தவங்க நெறைய பேர் மாட்டிக்கிட்டு முழிக்கிற விஷயம் சைட்தான். காசிமேட்டு காத்து ஈரம், மே மாசம் வேர்வை, பிளாஸ்டர் ரெண்டாவது நாளே ஓரம் தூக்கும். வெளிய இருந்து பாத்தா ஒட்டிட்டு இருக்குற மாதிரிதான் இருக்கும், உள்ள கேனுலா ஒரு மில்லிமீட்டர் மேல வந்து இன்சுலின் தோல் மேலயே கசிஞ்சிட்டு இருக்கும். பாவாடை நாடா, சுடிதார் நாடா, பேண்ட் பெல்ட் இருக்குற கோட்டுல சைட் போடாதீங்க, உக்காந்து எந்திரிக்கும்போது இழுத்துடும். ஒட்டுறதுக்கு முன்னாடி தோல துடைச்சு, ஃபேன் கீழ நல்லா காய விட்டு, மேல ஒரு ட்ரான்ஸ்பரன்ட் டேப் போடுங்க. சிங்கப்பூர்ல மூணு நாள் தாங்குன செட் இங்க வெயில்ல ரெண்டு நாள்ல மாத்த வேண்டி வரலாம், அந்த கணக்குல ஸ்டாக் வைங்க. இன்னொண்ணு, ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த ஜில் இன்சுலின உடனே ரிசர்வாயர்ல ஏத்தாதீங்க, சூடாகும்போது டியூப்ல குமிழி வரும், குமிழி போற நேரம் இன்சுலின் போகாது. கொஞ்ச நேரம் வெளிய வச்சு ரூம் சூட்டுக்கு வந்ததும் ஏத்துங்க.

அலாரம் அடிக்கலையே, அப்ப சைட் நல்லாதான் இருக்கும்னு நினைக்காதீங்க. அடைப்பு அலாரம் அடிக்கிறது உள்ள அழுத்தம் ஏறுனாதான். கசிவுல அழுத்தமே இல்ல, அது அடிக்கவே அடிக்காது. மணிக்கு அரை யூனிட் மாதிரி கம்மி பேசல்னா நெஜமான அடைப்புக்கே அழுத்தம் சேர்ந்து அலாரம் வர பல மணி நேரம் ஆகலாம். அதனால மீட்டர்தான் அலாரம். காரணம் புரியாம 250 தாண்டுச்சுன்னா சைட்ட தொட்டு பாருங்க, ஈரமா இருக்கா, வலியா, டியூப்ல ரத்தமா, குமிழியா. மோந்தும் பாருங்க, இன்சுலின்ல சேக்குற கிரெசால், ஃபீனால் வாசனை புது பேண்ட்எய்ட் பிரிச்ச மாதிரி அடிக்கும், அடிச்சா கசிவுதான், யோசிக்க வேணாம்.

ஒரு கேஸ் சொல்றேன். கேஎல்லேர்ந்து தண்டையார்பேட்டைக்கு வந்த என் சித்தி பொண்ணு. பேசல் மணிக்கு 0.8, ஒரு யூனிட் 50 எறக்கும், டார்கெட் 120, ஒரு நாள் மொத்த இன்சுலின் 40 யூனிட் பக்கம். ராத்திரி எட்டு மணிக்கு சாப்பாடு, போலஸ் ஒழுங்கா போச்சு. ஒன்பதரைக்கு செட் மாத்துனா. பதினொண்ணுக்கு சுகர் 168, நல்லாதான் இருக்குன்னு படுத்துட்டா. அந்த 168 பழைய சைட்ல போன சாப்பாட்டு போலஸோட வேலை, புது சைட்டோட சர்டிஃபிகேட் இல்ல. காலைல அஞ்சரைக்கு நாக்கு வறண்டு எந்திரிச்சு பாத்தா 342, ரத்த கீட்டோன் 1.2. பம்ப் ஒரு சத்தமும் இல்ல, ஆறு யூனிட்டுக்கு மேல பேசல் குடுத்ததா ஸ்க்ரீன்ல காட்டுது.

இங்க பம்ப்லயே கரெக்ஷன் அடிக்கத்தான் கை போகும். கீட்டோன் 0.6க்கு கீழ இருந்தா ஒரு தடவ அடிச்சு பாத்துட்டு ஒரு மணி நேரம் கழிச்சு செக் பண்ணலாம், எறங்கலன்னா அந்த சைட் க்ளோஸ். 0.6ஓ அதுக்கு மேலயோ இருந்தா பம்ப்ப நம்பவே கூடாது, மொதல்ல பேனா, அப்புறம் செட். அவ கணக்கு, 342ல 120 போனா 222, 50ஆல வகுத்தா 4.4. அவ டாக்டர் எழுதி குடுத்த பேப்பர்ல, கீட்டோன் 0.6லேர்ந்து 1.5 வரைக்கும்னா நாள் மொத்தத்துல பத்துல ஒரு பங்கு, இல்ல கரெக்ஷன், ரெண்டுல எது பெருசோ அதுன்னு இருந்துச்சு. பத்துல ஒரு பங்கு 4, அதனால 4.4, அவ பேனால அரை வராது, கீட்டோன் இருக்குன்னு 5 போட்டா. உங்க பேப்பர்ல வேற இருக்கும், வந்த மொத வாரமே டாக்டர்கிட்ட எழுதி வாங்கிடுங்க. அப்புறம் செட், டியூப், ரிசர்வாயர் எல்லாம் புதுசு, வேற எடத்துல. கழட்டுன கேனுலா பாதில மடங்கியிருந்துச்சு. ஒண்ணு ஞாபகம், டியூப்ல இன்சுலின் ஃபில் பண்ணும்போது அது ஒடம்புல மாட்டியிருக்கவே கூடாது.

ஆறரைக்கு 318, கீட்டோன் 1.3. கீட்டோன் கொஞ்சம் ஏறி எறங்குறது வழக்கம், பயந்து மறுபடி குத்த வேணாம், தண்ணிய குடிச்சுட்டே இருக்கணும். ஏழரைக்கு 251, கீட்டோன் 0.8. இப்பதான் பெரிய பொறி. பம்ப் 2.6 யூனிட் போடுங்குது. ஏன்னா பேனால போட்ட 5 யூனிட் அதுக்கு தெரியாது. அதுல பாதிக்கு மேல இன்னும் வேலை பாத்துட்டு இருக்கு, அதுவே 120 பக்கம் கொண்டு வந்துடும், அது மேல 2.6 போட்டா லோதான். அவ போடல. ஒன்பது மணிக்கு 172, கீட்டோன் 0.3, அப்புறம்தான் போலஸ் போட்டு இட்லி. தானா அட்ஜஸ்ட் பண்ற ஆட்டோ மோட் பம்ப்னா அதுவும் தப்பு கணக்குலதான் இருக்கும், போகாத இன்சுலின போனதா நினைச்சுட்டு இருக்கும், ஊசி போட்டது தெரியாது, அதனால சில மணி நேரம் மேனுவல்ல வைக்கிறதுதான் சரி. செட் மாத்துறத காலைல டிஃபனுக்கு முன்னாடி வச்சிக்கிட்டீங்கன்னா இந்த ராத்திரி கதையே இல்ல, ரெண்டு மூணு மணி நேரத்துல மீட்டர் சொல்லிடும்.

கீட்டோன் 3 தாண்டுனாலோ, எவ்வளவு இருந்தாலும் வாந்தி நிக்கலன்னாலோ, மூச்சு ஆழமா வாங்குனாலோ வீட்டுல வச்சு பாக்காதீங்க, 108 கூப்பிட்டு ஸ்டான்லி கேஷுவாலிட்டி போங்க. போனதும் "டைப் 1, பம்ப் நின்னு இத்தன மணி நேரம், கீட்டோன் இவ்வளவு, கடைசியா இந்த நேரத்துல இவ்வளவு ஊசி"ன்னு சொல்லுங்க, பம்ப்ப பாத்தே இருக்காத டியூட்டி டாக்டரா இருந்தாலும் அது போதும் வேலைய ஆரம்பிக்க.

கடைசியா பம்ப் மொத்தமா செத்துப் போறது. ஸ்க்ரீன் கருப்பாயிடுச்சுன்னா செட்டிங் எல்லாம் உள்ளயே போயிடும், அதனால பேசல் ரேட் மணி வாரியா, ரேஷியோ, கரெக்ஷன் எல்லாம் போட்டோ எடுத்து போன்ல வைங்க, வீட்டுல இன்னொருத்தர் போன்லயும் வைங்க. வெளிநாட்டுல வாங்குன மாடலுக்கு இங்க கம்பெனி ஆள் மாத்து பம்ப் குடுப்பாங்களான்னு வர்றதுக்கு முன்னாடியே கேட்டுட்டு வாங்க. மாத்து வர வரைக்கும் பேனாதான். கிளார்ஜின் மாதிரி லாங் ஆக்டிங், டோஸ் பொதுவா உங்க 24 மணி நேர பேசல் மொத்தம், அவளுக்குன்னா 19. அது வேலை ஆரம்பிக்கவே ரெண்டு மூணு மணி நேரம் ஆகும், அந்த இடைவெளிய வேகமான இன்சுலின் சின்ன டோஸ்ல அடைக்கணும், அதையும் அந்த பேப்பர்லயே எழுதி வாங்குங்க. சாப்பாட்டுக்கு வழக்கமான ரேஷியோ. புது பம்ப் வந்த சந்தோஷத்துல உடனே பழைய பேசல ஓட விட்றாதீங்க, நேத்து ராத்திரி போட்ட கிளார்ஜின் இன்னிக்கு ராத்திரி வரைக்கும் இருக்கும், ரெண்டு பேசல் சேர்ந்தா லோ, அது முடியுற நேரம் பாத்து மாட்டுங்க.