ஃபுடோஷிகி: சங்கிலி அடுத்த வரிசைக்குத் திரும்பும் இடத்தில் நடக்கும் தவறுகள்

ஃபுடோஷிகி ஓர் எண் புதிர், அந்த ஜப்பானியச் சொல்லுக்குச் சமனின்மை என்று பொருள். 5×5 கட்டம் என்றால் ஒவ்வொரு கிடைவரிசையிலும் ஒவ்வொரு நெடுவரிசையிலும் 1 முதல் 5 வரை ஒருமுறை வர வேண்டும். சுடோகுவில் இருப்பதைப் போன்ற பெட்டிகள் இதில் கிடையாது. அதற்குப் பதிலாக, உள்ளே எண் எழுதும் சிறு கட்டங்களில் சிலவற்றுக்கு இடையில் < அல்லது > போட்டிருப்பார்கள், வாய் திறந்திருக்கும் பக்கம் பெரிய எண். கொடுக்கப்படும் எண்கள் மிகக் குறைவு, சில நேரம் ஒன்றே ஒன்று. அதனால் வேலையில் பாதி இந்தச் சின்னங்களை வைத்துத்தான் நடக்கும்.

விதி எல்லோருக்கும் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். தவறு நடப்பது சின்னங்கள் சங்கிலியாகச் சேர்ந்து, ஒரு வரிசையில் தொடங்கி வளைந்து அடுத்த வரிசைக்குப் போகும்போது. கீழே இருப்பது ஒரு 5×5 கட்டத்தின் மேல் இரண்டு வரிசைகள்.

```
_ < _   _   _ > _
    ∧
_   _ < _   _   4
```

முதல் வரிசையின் முதல் இரண்டு கட்டங்களை அ, ஆ என்று வைத்துக்கொள்வோம். ஆ-வுக்கு நேர் கீழே இருப்பது இ, அதன் வலப்பக்கம் ஈ. நடுவில் உள்ள ∧ சின்னத்தின் கூர்முனை மேல்நோக்கி இருப்பதால் மேலே உள்ள ஆ சிறியது, கீழே உள்ள இ பெரியது. (செங்குத்துச் சின்னத்தைத் தலைகீழாகப் படிப்பதும் ஒரு தவறுதான். ஆனால் அது கவனப்பிழை, இங்கே பேச வேண்டியதில்லை.) ஆக அ < ஆ < இ < ஈ என்று நான்கு கட்டச் சங்கிலி. வரிசையாகப் பார்த்தால் இரண்டு தனித்தனி < குறிகள்தான் கண்ணில் படும். முதல் வரிசையை முடித்துவிட்டு இரண்டாவதைத் தனியாகப் பார்க்கிறவருக்கு இந்தச் சங்கிலி தெரியவே தெரியாது.

நான்கு கட்டச் சங்கிலி என்பதால் அ-வுக்கு மேலே மூன்று பெரிய எண்களுக்கு இடம் வேண்டும். எனவே அ-வில் 1 அல்லது 2 மட்டும் வரலாம். அதே கணக்கில் ஆ-வில் 2 அல்லது 3, இ-யில் 3 அல்லது 4, ஈ-யில் 4 அல்லது 5. பென்சிலால் சிறிதாக எழுதிவிடலாம்.

இத்தோடு சங்கிலி முடிந்தது என்று நினைப்பதுதான் முதல் பெரிய தவறு. நானும் வெகுநாள் இப்படித்தான் செய்தேன். எண்ணிக்கையை வைத்து எல்லைகளை ஒருமுறை எழுதிவிட்டு, அப்புறம் சுடோகு போல எண்களைத் தேடப் போய்விடுவேன். எழுதிய எல்லை தொடக்க நிலை மட்டுமே. ஒரு கட்டத்தில் ஏதாவது மாறினால் சங்கிலி முழுவதையும் மறுபடி பார்க்க வேண்டும்.

இரண்டாம் வரிசையின் கடைசியில் 4 இருக்கிறது. எனவே அந்த வரிசையில் வேறெங்கும் 4 வராது. இ-யில் 3 அல்லது 4 என்று எழுதியிருந்தோம், 4 போனால் 3. ஈ-யில் 4 போனால் 5. பலர் இந்த இரண்டையும் போட்டுவிட்டு மகிழ்ச்சியாக இரண்டாம் வரிசையிலேயே மேற்கொண்டு தொடர்வார்கள். ஆனால் இ 3 ஆனதும் ஆ அதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும், எனவே ஆ 2. ஆ 2 என்றால் அ 1. இரண்டாம் வரிசையில் இருந்த ஒரு 4, எந்த எண்ணும் கொடுக்கப்படாத முதல் வரிசையில் இரண்டு கட்டங்களை முடித்துவிட்டது.

இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்க்கலாம். முதல் வரிசையில் மீதி 3, 4, 5. அதன் மூன்றாம் கட்டத்துக்கு நேர் கீழே ஈ இருக்கிறது, அது 5, எனவே அங்கே 5 வராது. கடைசிக் கட்டத்துக்குக் கீழே 4 இருப்பதால் அங்கே 4 வராது. நான்காம் கட்டம் கடைசியைவிடப் பெரியது என்பதால் கடைசியில் 5-உம் வராது. மிஞ்சுவது 3. மூன்றாம் கட்டத்துக்கு 4, நான்காம் கட்டத்துக்கு 5. கீழ் வரிசையில் மீதி 1, 2. அ 1 என்பதால் அதன் கீழே 2, மற்றது 1.

```
1 2 4 5 3
2 3 5 1 4
```

ஒரே ஒரு எண், நான்கு சின்னங்கள், இரண்டு வரிசைகள் முழுதாக முடிந்தன. எல்லையை இ-யில் நிறுத்தியிருந்தால் இதில் பாதிகூட வந்திருக்காது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. சங்கிலி வரிசை தாண்டுகிறது என்று தெரிந்தபின் சிலர் தாராளமாகிவிடுவார்கள். வரிசையில் ஒரு எண் இருந்தால் சங்கிலியின் எல்லாக் கட்டங்களிலிருந்தும் அதை அடித்துவிடுவார்கள். மேலே சொன்ன உதாரணத்தில் இப்படிச் செய்திருந்தாலும் தற்செயலாகச் சரியான விடையே வந்திருக்கும், அதனால்தான் இந்தப் பழக்கம் பிடிபடாமல் தப்பிக்கிறது. அதே கட்டத்தில் 4-ஐக் கொடுக்காமல், இரண்டாம் வரிசையின் தொடக்கத்தில் 2 கொடுத்திருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இ, ஈ இரண்டிலும் 2 என்பதே சாத்தியப் பட்டியலில் இல்லை, எனவே அந்த வரிசை சங்கிலியைத் தொடாது. அ அதே நெடுவரிசையில் இருப்பதால் அங்கே 2 வராது, அ 1. சரி. ஆ? அது வேறு வரிசை, வேறு நெடுவரிசை. அந்த 2-க்கும் ஆ-வுக்கும் எந்த உறவும் இல்லை. ஆ-வில் 2, 3 இரண்டும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. 2-ஐ அடித்துவிட்டவர் ஆ 3, இ 4, ஈ 5 என்று வரிசையாகப் போட்டுவிடுவார். மேலே பார்த்த விடையில் ஆ 2 தானே!

ஆக நினைவில் வைக்க வேண்டியது இதுதான்: கொடுக்கப்பட்ட எண் தன் வரிசையிலும் நெடுவரிசையிலும் உள்ள கட்டங்களை மட்டுமே நேரடியாகத் தொடும். அதற்கு அப்பால் போவது எல்லை மாற்றம்தான், அதுவும் சின்னம் வழியாக, ஒரு கட்டத்திலிருந்து பக்கத்துக் கட்டத்துக்கு.

அந்த மாற்றத்துக்கு ஒரு திசையும் உண்டு. ஒரு கட்டத்தின் மேல் எல்லை குறைந்தால், அதைவிடச் சிறிய கட்டங்களின் மேல் எல்லை குறையும். கீழ் எல்லை உயர்ந்தால், பெரிய கட்டங்களின் கீழ் எல்லை உயரும். இ-யின் மேல் எல்லை 4-லிருந்து 3 ஆனபோது ஆ, அ இரண்டும் சுருங்கின. ஈ-க்கு அதனால் எதுவும் ஆகவில்லை. ஈ 5 ஆனது அதன் சொந்த வரிசையில் 4 இருந்ததால். "இ 3, எனவே ஈ 4" என்று போடுகிறவர்கள் < என்றால் ஒன்று கூடுதல் என்று மனதுக்குள் படித்துவிடுகிறார்கள். பெரியது என்பதற்கு மேல் அந்தச் சின்னம் ஒன்றும் சொல்வதில்லை.

எண்ணிக்கையை மட்டும் நம்பினால் வரிசைக்கு உள்ளேயே ஒரு இடறல் வரும். ஒரே வரிசையில் மூன்று கட்டச் சங்கிலி இருக்கிறது, சிறியதிலிருந்து பெரியதாக. அதே வரிசையில் வேறோர் இடத்தில் 2 கொடுத்திருக்கிறார்கள். எண்ணிக்கைப்படி முதல் கட்டத்தில் 1 முதல் 3, நடுவில் 2 முதல் 4, கடைசியில் 3 முதல் 5. 2-ஐ அடித்தால் நடுவில் 3, 4. கடைசியில் 2 இல்லவே இல்லை என்று அதை அப்படியே விட்டுவிடுவோம். ஆனால் நடுவின் கீழ் எல்லை 3 ஆகிவிட்டது, எனவே கடைசியில் 3 வர முடியாது, 4 அல்லது 5 தான். 2 போனதால் 3 போகிறது என்பதால்தான் இது கண்ணுக்குத் தப்புகிறது.

கடைசியாக, கிளை பிரியும் இடம். என்னைப் பொறுத்தவரை மிக நயமான தவறு இதுதான். ஒரு கட்டத்தைவிட இரண்டு கட்டங்கள் சிறியவை என்று சின்னங்கள் சொன்னால், அந்தக் கட்டம் குறைந்தது 3 என்று உடனே எழுதத் தோன்றும். அந்த இரண்டும் ஒரே வரிசையிலோ ஒரே நெடுவரிசையிலோ இருந்தால் அது சரி, ஏனென்றால் அவை சமமாக இருக்க முடியாது. இடப்பக்கம் ஒன்று, மேலே ஒன்று என்றால்? அவை வேறு வரிசை, வேறு நெடுவரிசை. இரண்டிலும் 1 இருக்கலாம், நடுக்கட்டம் 2 ஆகவும் இருக்கலாம்.

நம் கட்டத்திலேயே தொடர்வோம். நான்காம் வரிசையின் இரண்டாம் கட்டம் தன் இடப்பக்கக் கட்டத்தைவிடவும், தனக்கு மேலே உள்ள கட்டத்தைவிடவும் பெரியது என்று இரண்டு சின்னங்கள் இருக்கின்றன. மூன்றாம் வரிசை 3-இல் தொடங்குகிறது என்றும் தெரிந்துவிட்டது. முதல் நெடுவரிசையில் மீதி 4, 5. இடப்பக்கக் கட்டம் தன் பக்கத்துக் கட்டத்தைவிடச் சிறியது என்பதால் 5 ஆக முடியாது, எனவே 4. நடுக்கட்டம் 5. இரண்டாம் நெடுவரிசையில் 2, 3 மேலேயே போய்விட்டன, இப்போது 5-உம் போனது, எனவே மேலே உள்ள கட்டத்தில் 1 அல்லது 4. "4 ஏற்கெனவே இந்தச் சங்கிலியில் வந்துவிட்டது" என்று 1 போட்டால் முடிந்தது கதை. இந்த 5×5 கட்டத்தின் முழு விடை இது:

```
1 2 4 5 3
2 3 5 1 4
3 4 1 2 5
4 5 2 3 1
5 1 3 4 2
```

5-க்கு இடப்பக்கமும் 4, மேலேயும் 4. சின்னங்களைப் பொறுத்தவரை, ஒரே கிளையில் மேலும் கீழுமாக இருக்கும் கட்டங்கள் மட்டுமே ஒன்றுக்கொன்று வேறுபட்டாக வேண்டும். ஒரே வரிசையிலோ ஒரே நெடுவரிசையிலோ சேராத இரண்டு கிளைகளுக்கு நடுவே அப்படி ஒரு கட்டாயம் இல்லை. அப்படிப்பட்ட கிளைகள் சேரும் கட்டத்தின் கீழ் எல்லையைக் கணக்கிடும்போதும், கிளைகளின் நீளங்களைக் கூட்டக்கூடாது, அவற்றில் நீளமானதை மட்டும் எடுக்க வேண்டும்.

தவறு நடந்துவிட்டது என்பது பெரும்பாலும் வெகு தொலைவில்தான் தெரியும். ஏதோ ஒரு கட்டத்தில் போட எண்ணே மிஞ்சாது. அங்கேயே அழித்துத் திருத்தினால் பயனில்லை, தவறு நடந்தது அந்தக் கட்டத்தில் அல்ல. அதிலிருந்து சின்னங்கள் வழியாகப் பின்னால் நடந்து, ஒவ்வொரு கட்டத்திலும் எந்த எண் ஏன் போனது என்று கேட்டுக்கொண்டே போங்கள். "என் வரிசையில் இருக்கிறது", "என் நெடுவரிசையில் இருக்கிறது", "பக்கத்துக் கட்டத்தின் எல்லை தடுக்கிறது" என்ற மூன்றில் ஒரு பதில் வராத கட்டம்தான் தவறு நடந்த இடம். என் அனுபவத்தில் அது பத்துக்கு எட்டு முறை சங்கிலி வளைகிற கட்டமாகவோ கிளை சேர்கிற கட்டமாகவோ இருக்கும். தேடலை அங்கிருந்தே தொடங்கினால் ரப்பர் கொஞ்சம் மிச்சமாகும்.