நகராத பார்சலும் அதிகாலைத் தேதியும்

ஈரோட்டிலிருந்து போர்வைகளைக் கூரியரில் அனுப்புகிறோம். மூன்று நாளாக நிலைமாற்றம் இல்லாத ஆர்டரைச் சிவப்பாக்கும்படி விரிதாளை அமைத்திருந்தேன். நாக்பூர் வாடிக்கையாளர் பார்சல் வரவில்லை என்று அழைத்தபோது, அந்த வரி பச்சையாகவே இருந்தது.

வரம்பை இரண்டு நாளாகக் குறைத்தேன். ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பார்சல்கள்தான் சிவந்தன. தரவை நாளுக்கு இருமுறை இறக்கிப் பார்த்தும் பயனில்லை.

கடைசியில் அந்த ஒரு பார்சலின் வரலாற்றை முழுவதும் படித்தேன். தினமும் அதிகாலை 2:10-க்கு அதே கிடங்கு, அதே 'In Transit'. மனிதர் கையால் ஸ்கேன் செய்தால் நேரம் முன்பின்னாக இருக்கும். இப்படி நிமிடம் பிசகாமல் வராது. கிடங்கில் கிடக்கும் சரக்குக்கெல்லாம் கணினி தானாகவே தேதியைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. என் சூத்திரம் அந்தத் தேதியைத்தான் எண்ணியது.

இப்போது கடைசிப் பதிவை விட்டுவிட்டு, தற்போதைய இடத்தில் முதன்முதலாகப் பதிவான நாளிலிருந்து எண்ணுகிறேன். `log` தாளில் A ஆர்டர் எண், B நேரம், C இடம். சுருக்கத் தாளில் A2 ஆர்டர், C2 தற்போதைய இடம்:

```
=TODAY()-INT(MINIFS(log!B:B,log!A:A,A2,log!C:C,C2))
```

நாக்பூர் வரி உடனே சிவந்தது. லேபிள் கிழிந்து ஒதுக்கப்பட்டிருந்ததாகக் கூரியர்காரர்கள் சொன்னார்கள், அப்பாடா என்றிருந்தது.

திருப்பி அனுப்பப்படும் பார்சல் பழைய கிடங்கு வழியே வந்தால் இந்தக் கணக்கு வீணாக எச்சரிக்கும். அதனால் 'RTO' என்ற நிலை உள்ளவற்றைத் தனியாகப் பிரித்துவிடுகிறேன். குவாஹாட்டி போன்ற தொலைதூர ஊர்களுக்கு வரம்பு ஐந்து நாள். வழியில் ஸ்கேன் அரிது.