உயரமானவருக்கு எட்டு முழமா? வேட்டி அளவில் நேரும் தவறுகள்

என் மைத்துனர் ஆறடிக்கு மேல் உயரம். கல்யாணத்துக்கு வேட்டி எடுக்கும்போது, "நான் நெட்டை, எனக்கு எட்டு முழம்தான் சரிப்படும்" என்று வாங்கி வந்தார். முகூர்த்தத்தன்று பார்த்தால் கரை கணுக்காலுக்கு மூன்று விரல் மேலே நிற்கிறது.

பலரும் செய்யும் தவறு இது. முழக்கணக்கு இடுப்பைச் சுற்றி வரும் நீளம். கால்வரை இறங்குவது துணியின் அகலம். நாலு முழம் சுமார் 1.8 மீட்டர், எட்டு முழம் சுமார் 3.6 மீட்டர். எட்டு முழத்தை இரண்டாக மடித்துத்தான் கட்டுகிறோம். அதனால் துணி இரட்டையாகும், உள்ளே தெரியாது. உயரம் ஒரு விரல்கூட அதிகமாகாது. உயரமானவர் பார்க்க வேண்டியது லேபிளில் நீளத்துக்கு அடுத்து இரண்டாவதாக இருக்கும் அகலத்தை.

அந்த அகலத்தை வீட்டிலேயே கணக்கிடலாம். பேன்ட் போடும் இடத்திலிருந்து அளந்தால் தப்பாகிவிடும், வேட்டி அதைவிட மேலே, தொப்புளை ஒட்டி நிற்கும். மைத்துனருக்கு அங்கிருந்து தரை 112 செ.மீ. தரைக்கு மேல் 3 செ.மீ. விட்டால் 109. இடுப்பில் சுருட்டிச் செருக 15 சேர்த்தால் 124. அவர் வாங்கியதோ 120. கரையை இறக்கிக் கட்டினால் சுருட்டுக்குத் துணி போதாமல் நடக்கும்போதே தளரும். இறுக்கிச் சுருட்டினால் கணுக்கால் தெரியும். பருத்தி முதல் சலவையில் கொஞ்சம் சுருங்கும் என்பதால் அவருக்கு 127 அல்லது 132 அகலம் எடுத்திருக்க வேண்டும்.

குட்டையானவருக்குத் தொல்லை நேர்மாறானது. தொப்புளிலிருந்து தரை 96 செ.மீ. இருப்பவருக்கு 108 அகலமே போதும். 127 கட்டினால் மிஞ்சும் துணியெல்லாம் வயிற்றில் பொதியாகச் சுருண்டு, உட்கார்ந்து எழும்போது நழுவும். சுருட்டாமல் விட்டால் முன்கரை காலடியில் மாட்டும். இப்படிப்பட்டவர்கள் கிடைப்பதில் அகலம் குறைந்ததைக் கேட்டு வாங்குவது நல்லது.

நீளத்தை இடுப்பின் பருத்த சுற்றளவை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு சுற்று போக மிஞ்சும் துணிதான் முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து மூடுகிறது. சுற்றளவு 100 செ.மீ. என்றால் 1.8 மீட்டரில் 80 மிஞ்சும். முன்பக்கம் முழுதும் மூடிவிடும், காலை எட்டி வைக்கலாம். சுற்றளவு 115 என்றால் மிஞ்சுவது 65தான். நிற்கும்போது தெரியாது, வேகமாக நடந்தால் தொடை வரை விலகும். அதற்குப் பயந்து இறுக்கிக் கட்டினால் அடி குறுகி, நடை தடைப்படும். இவர்கள் லேபிளில் 2 மீட்டர் இருக்கிறதா என்று பார்க்கட்டும். எட்டு முழமென்றால் 4 மீட்டர்.

புது வேட்டியைக் கட்டியதும், விசேஷத்துக்குப் போடும் செருப்போடு நாலு படி ஏறி இறங்குங்கள். ஏறும்போது கரை கால் விரலில் மாட்டினால் கீழே இறக்கம் அதிகம். முழங்கால் மடங்கும்போது இடுப்புச் செருகல் இழுபட்டால் சுற்று இறுக்கம்.