பொஸ்பரஸ் கணக்கில அஞ்சு மடங்கு பிழைக்கிற இடம்

கிளிநொச்சிப் பக்கம் மண் பரிசோதனை பழக வாற பிள்ளையள் நிறம் நல்லா எடுக்கினம், கேர்வும் நேர்கோடா வருது, ஆனா கடைசிக் கணக்கில திரும்பத் திரும்ப ஒரே பிழைதான். பிப்பெட்டில குமிழி, கியூவெட்டில கைரேகை எல்லாம் நீங்களே கண்டுபிடிப்பியள், அதை விடுவம்.

டைலூசனை ரெண்டு தரம் பெருக்கிறது

ஓல்சன் முறையில 2.5 கிராம் மண்ணுக்கு 50 மில்லி சோடியம் பைகாபனேட் விட்டுக் குலுக்கி வடிக்கிறம், அதில 5 மில்லி எடுத்து நிறம் வர வைச்சு 25 மில்லி ஆக்கி 880 நனோமீற்றரில வாசிக்கிறம். ஸ்டாண்டர்டும் அப்பிடித்தான், 0.5, 1, 2, 4 மி.கி/லீ கரைசல் ஒவ்வொண்டிலயும் 5 மில்லி எடுத்து 25 ஆக்கிறம். இப்ப கேர்வின்ர கீழ்க்கோட்டில நீங்கள் என்ன எழுதினீங்கள் எண்டதுதான் கேள்வி. போத்தலில இருந்த 0.5, 1, 2, 4 ஐ எழுதினா, 5 இலயிருந்து 25 ஆன கதை கேர்வுக்குள்ளயே போட்டுது, பிறகு 50 ஐ 2.5 ஆல பிரிச்சு வாற 20 ஆல மட்டும் பெருக்கோணும். பிளாஸ்கில கிடக்கிற 0.1, 0.2, 0.4, 0.8 ஐ எழுதினா 5 ஆலயும் பெருக்கி 20 ஆலயும் பெருக்கோணும்.

இரணைமடுவுக்குக் கீழ ஒரு வயல் மண், வாசிப்பு 0.052. போத்தல் அளவில போட்ட கேர்வு, சரிவு 0.13, வெட்டு பூச்சியம். 0.052 ஐ 0.13 ஆல பிரிச்சா 0.4, அதை 20 ஆல பெருக்க 8 மி.கி/கிலோ. பிள்ளை ஆற்றையோ பழைய எக்செல் சீற்றில தூக்கிப் போட்டிருக்கு, அதில 5 உம் கிடந்திருக்கு, வந்தது 40. நெல்லுக்கு 8 எண்டா உரம் போட்டா பயன் வரக்கூடிய மண், 40 எண்டா ரிஎஸ்பி வேண்டாம் எண்டு அந்த வயல்காரனுக்குச் சொல்லி அனுப்பியிருப்பம். எனக்கு இண்டைக்கும் கோவம் வாறது இதுக்குத்தான், ஏனெண்டா R² 0.999 எண்டு வடிவா நிக்கும், கேர்வுக்கு இந்தப் பிழை தெரியவே தெரியாது.

பிடிக்கிறதுக்கு ஒரு வழி இருக்கு. 1 மி.கி/லீ ஸ்டாண்டர்டை மண் வடிதிரவம் மாதிரியே நினைச்சு முழுக்கணக்கையும் ஓட்டுங்கோ, 20 வரோணும். 100 வந்தா 5 கூடக் கிடக்கு, 4 வந்தா 5 இல்லை.

ஸ்டாண்டர்டைத் தண்ணியில செய்யிறது

பைகாபனேட் கரைசலிலதான் செய்யோணும். அது அமிலத்தைத் தின்னும், அமில அளவு மாறினா நிறமும் மாறும். மண்ணுக்கு விடுற அதே அளவு அமிலத்தை, நுரை அடங்க மெல்ல மெல்ல, ஸ்டாண்டர்டுக்கும் பிளாங்குக்கும் விடுங்கோ.

கேர்வுக்கு மேல போன வாசிப்பு

நீலம் வந்த பிறகு தண்ணி விட்டு வாசிக்கிறேல்லை. வடிதிரவம் 1 மில்லி எடுத்து, மிச்ச 4 மில்லிக்குப் பைகாபனேட் விட்டு, திரும்ப நிறம் எடுங்கோ. இப்ப அந்த ஒரு சாம்பிளுக்கு மட்டும் விடையை இன்னொரு 5 ஆல பெருக்கோணும், அதை கொப்பியில அப்பவே எழுதுங்கோ.

பிளாஸ்க் கழுவுறது

சவர்க்காரம் வேண்டாம். ஐதான ஹைட்ரோகுளோரிக் அமிலம்.