பழைய பற்று வரவு ஏட்டைப் படிக்கும்போது தவறும் இடங்கள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமா எழுதுவது. தாத்தாவின் பற்று வரவு ஏட்டைப் படம் எடுத்து, நீயே வாசித்து எழுதிய தாளையும் அனுப்பியிருந்தாய். பொறுமையாகச் செய்திருக்கிறாய். ஆனால் நான்கைந்து இடங்களில் கணக்கு தடம் மாறிப் போயிருக்கிறது. மிச்சப் பக்கங்களைத் தொடங்கும் முன் இதைப் படித்துவிடு.

முதல் வரி ‘துன்முகி௵ தை௴ ௰௨௳’. ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள். நீ தை 2 என்று எழுதியிருக்கிறாய். ‘ய’ போலத் தெரிகிற ௰ பூஜ்யம் இல்லை, பத்து. ௰௨ என்றால் பன்னிரண்டு, ௨௰௫ என்றால் இருபத்தைந்து. ௰ஐப் பூஜ்யம் என்று வைத்தால் இருபத்தைந்து ரூபாய் இருநூற்றைந்தாகிவிடும். பக்கத்தின் உச்சியில் தனியாக நிற்கும் ‘உ’ பிள்ளையார் சுழி. அதை இரண்டு என்று கணக்கில் சேர்க்காதே.

துன்முகி அறுபது வருடத்துக்கு ஒருமுறை வரும், 1896-லும் 1956-லும் பிறந்திருக்கிறது. இந்த ஏட்டில் சித்திரைக்குப் பிறகு ‘ந.பை.’ என்று வருகிறதே, அது நயா பைசா. அது புழக்கத்துக்கு வந்தது 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி. அதனால் இந்தத் தை மாதம் 1957 தொடக்கம்தான்.

இனி தொகை. பெரிய தவறு இங்கேதான். பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்:

௶ அரிசி ௫ படி ௹ ௩-௮
௸ நல்லெண்ணெய் ௹ ௧-௰௨-௬
ஆக ௹ ௫-௪-௬
௷ ரொக்கம் ௹ ௨
பாக்கி ௹ ௩-௪-௬

கோடு போட்டுப் பிரித்த மூன்று இடமும் ரூபாய், அணா, தம்பிடி. பன்னிரண்டு தம்பிடி ஓர் அணா, பதினாறு அணா ஒரு ரூபாய். தம்பிடி இல்லையென்றால் தாத்தா அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுவார். அரிசிக்கு 3 ரூபாய் 8 அணா. எண்ணெய்க்கு 1 ரூபாய் 12 அணா 6 தம்பிடி. அணாவை மட்டும் கூட்டினால் இருபது. அதில் பதினாறு ஒரு ரூபாயாக ஏறிவிடும், மிச்சம் நான்கு. ஆகவே 5-4-6. நீ ௰௨ஐ இரண்டு என்று படித்ததால் உன் கூட்டல் 4-10-6 என்று வந்தது, உடனே தாத்தா கூட்டியது தப்பு என்று ஓரத்தில் குறித்துவிட்டாய். ‘ஆக’ என்ற வரியோடு உன் கூட்டல் ஒட்டவில்லையென்றால் முதலில் உன் வாசிப்பைச் சந்தேகப்படு. அணா இடத்தில் பதினைந்துக்கு மேலும், தம்பிடி இடத்தில் பதினொன்றுக்கு மேலும் எண் வந்தால் நிச்சயம் எதையோ தப்பாகப் படித்திருக்கிறாய்.

பாக்கி 3-4-6ஐ நீ 3.46 என்று எழுதினாய். அப்புறம் சித்திரைப் பக்கத்தில் பாக்கி 3.28 என்று இருப்பதைப் பார்த்து, நடுவில் பதினெட்டு பைசா எங்கே போனது என்று கேட்டிருந்தாய். எங்கேயும் போகவில்லை. நான்கு அணா ஆறு தம்பிடி என்றால் ஐம்பத்து நான்கு தம்பிடி. ரூபாய்க்கு 192 தம்பிடி. 54ஐ 192ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 28 பைசா சொச்சம். அதே கடன்தான், புதுக் காசுக்கு மாற்றி ஏற்றியிருக்கிறார்.

குறிகளுக்கு வருவோம். ௶ பற்று, ௷ வரவு. இது வாடிக்கையாளர் பேரில் உள்ள பக்கம். பற்று அவர் எடுத்துப்போன சரக்கு, வரவு அவர் கொடுத்த பணம். உன் பேங்க் பாஸ்புக்கை மனதில் வைத்துப் படித்து, வரவை அவருக்கு நாம் தர வேண்டியது என்று எழுதியிருக்கிறாய். பாக்கி நிற்பது அவரிடம்தான். ௸ ‘மேற்படி’. அதை ‘ஷை’ என்ற ஆள் பெயர் என்று எடுத்துக்கொண்டு, இரண்டாவது வாடிக்கையாளர் ஒருவரையே உண்டாக்கிவிட்டாய்! எண்ணெய் வாங்கியவரும் அதே ஆள்தான், பற்றும் அதே பற்றுதான்.

அடுத்த பக்கத்தில் ‘புளி வ வீசை’ என்று வரும். அந்த ‘வ’ வரவு இல்லை, கால். ஒரு வீசை நாற்பது பலம், இன்றைய கணக்கில் சுமார் 1.4 கிலோ. அப்படியென்றால் கால் வீசை பத்துப் பலம், 350 கிராம். வரவுக்கு எப்போதும் ௷ குறிதான், அதுவும் வரியின் தொடக்கத்தில். எண்ணுக்குப் பின்னாலோ அளவுக்கு முன்னாலோ ‘வ’ நின்றால் அது கால்.

பக்கத்தின் குறுக்கே ஒரு நீளக் கோடு கிழித்திருந்தால், அடித்துத் திருத்தியது என்று விட்டுவிடாதே. நம் கடையில் பாக்கி முழுவதும் தீர்ந்ததும் அப்படிக் கிழிப்பது வழக்கம்.

மூன்றாவது படத்தில் தையல் ஓரத்து எழுத்து மடிப்புக்குள் போய்விட்டது. ௹ குறிக்கு அடுத்த எண்ணே தெரியவில்லை. ஏட்டை நன்றாக விரித்து, ஜன்னல் பக்கம் வைத்து அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி எடுத்து அனுப்பு. அக்காவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா