பவுன்ஸ் ரேட், கன்வர்ஷன் ரேட், சிபிஏ: எதால் வகுத்தோம் என்று பார்க்காமல் எழுதும் தவறுகள்

டிஜிட்டல் மார்க்கெட்டிங் அசைன்மென்ட்களைத் திருத்தும்போது, கூட்டல் கழித்தலில் தப்பு செய்தவர்களை நான் அதிகம் பார்ப்பதில்லை. கால்குலேட்டர் அதைப் பார்த்துக்கொள்கிறது. மதிப்பெண் போவது வேறு இடத்தில்: விகிதத்தின் கீழே இருக்கும் எண் எது என்று கேட்காமலேயே முடிவு எழுதிவிடுகிறார்கள். பவுன்ஸ் ரேட், கன்வர்ஷன் ரேட், சிபிஏ மூன்றுமே வகுத்து வந்தவைதான். கீழ் எண் மாறினால் அர்த்தமும் மாறிவிடும்.

வழக்கமாகத் தரப்படும் மாதிரி ஓர் அட்டவணையை எடுத்துக்கொள்வோம். ஓர் இணையக் கடை, இரண்டு விளம்பர வழிகள், ஒரு மாதக் கணக்கு. செஷன் என்பது தளத்துக்கு வந்துபோகும் ஒரு வருகை. ஈடுபாடு காட்டாமல் முடிந்த செஷன்களின் சதவீதம்தான் பவுன்ஸ் ரேட்.

| | தேடல் விளம்பரம் | சமூக ஊடக விளம்பரம் |
|---|---|---|
| செஷன் | 4,000 | 10,000 |
| பவுன்ஸ் ரேட் | 62% | 35% |
| ஆர்டர் | 120 | 150 |
| செலவு | 48,000 | 90,000 |

ஆர்டரைச் செஷனால் வகுத்தால் கன்வர்ஷன் ரேட்: தேடலுக்கு 3%, சமூக ஊடகத்துக்கு 1.5%. சிபிஏ, அதாவது ஓர் ஆர்டரைப் பெற ஆன விளம்பரச் செலவு, முறையே 400, 600. இதுவரை யாரும் தடுமாறுவதில்லை.

அடுத்த கேள்வி, "கடையின் மொத்த கன்வர்ஷன் ரேட் என்ன?" பலர் 3-ஐயும் 1.5-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 2.25% என்று எழுதுவார்கள். இரண்டு வழிக்கும் செஷன் எண்ணிக்கை சமமாக இருந்தால்தான் அது சரி. இங்கே ஒன்றைவிட மற்றொன்று இரண்டரை மடங்கு பெரியது. ஆகவே விகிதங்களை விட்டுவிட்டு மூல எண்களுக்குப் போக வேண்டும்: 270 ஆர்டர், 14,000 செஷன், விடை 1.93%. சிபிஏவும் இப்படித்தான். 400, 600 இரண்டின் சராசரி 500. ஆனால் மொத்தச் செலவு 1,38,000-ஐ 270-ஆல் வகுத்தால் 511 வருகிறது.

இதைவிட ஆழமான குழப்பம் பவுன்ஸ் ரேட்டில் இருக்கிறது. "62% பேர் போய்விட்டார்கள், மீதி 38% பேர், அதாவது 1,520. அவர்களில் 3% வாங்கினார்கள்" என்று எழுதிய விடைகள் நிறைய வரும். அப்படிக் கணக்கிட்டால் 46 ஆர்டர்தான் வரும். அட்டவணையிலோ 120 இருக்கிறது. எங்கே தவறியது? 3% என்பது மொத்த 4,000 செஷனால் வகுத்து வந்த எண். போனவர்களும் அதில் ஏற்கெனவே அடக்கம், மறுபடி கழிக்கக் கூடாது. வருகையிலிருந்து ஆர்டர் வரையிலான படிகளைத்தான் ஃபனல் என்கிறோம். அதன் ஒவ்வொரு படியும் முந்தைய படியால் வகுக்கப்பட்டதா, முதல் படியால் வகுக்கப்பட்டதா என்று பார்க்காமல் பெருக்கினால் இந்தப் பிழை கட்டாயம் வரும். கண்டுபிடிப்பதும் சுலபம்: உங்கள் சதவீதங்களைப் பெருக்கி வரும் ஆர்டர் எண்ணிக்கை அட்டவணையோடு பொருந்த வேண்டும்.

சரி, தங்கியவர்களால் வகுத்துப் பார்ப்பது பயனற்றதா? இல்லை, நல்ல கேள்வி அது. தேடலில் 1,520 பேரில் 120, அதாவது 7.9%. சமூக ஊடகத்தில் 6,500 பேரில் 150, அதாவது 2.3%. (ஒரு செஷனை ஓர் ஆள் என்று வைத்துத்தான் "பேர்" என்கிறேன். அதே ஆள் மூன்று முறை வந்தால் மூன்று செஷன். அதையும் விடையில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.) பவுன்ஸ் ரேட் அதிகமாக இருக்கும் வழியில்தான், தங்கியவர்கள் அதிகம் வாங்குகிறார்கள். "பவுன்ஸ் ரேட் 62%, எனவே தேடல் விளம்பரம் தோல்வி" என்று எழுதியவர் இதைத் தவறவிட்டுவிடுகிறார். அவர் கேட்டிருக்க வேண்டியது, அந்த 62% எந்தத் தேடல் சொற்களிலிருந்து, எந்தச் சாதனத்திலிருந்து வந்தது என்பதை.

பவுன்ஸ் என்ற சொல்லின் வரையறையும் மாறிவிட்டது. 2023 ஜூலையில் தரவு சேர்ப்பதை நிறுத்திய பழைய கூகுள் அனலிட்டிக்ஸில், ஒரே பக்கத்தைப் பார்த்துவிட்டு வேறெந்தச் செயலும் பதிவாகாமல் முடிந்த செஷன்தான் பவுன்ஸ். கட்டுரை ஒன்றைப் பத்து நிமிடம் படித்துவிட்டுப் போனவரும் அதில் பவுன்ஸ்தான். அதற்குப் பதிலாக வந்த புதிய பதிப்பான GA4-இல் அப்படி இல்லை. 10 நொடிக்கு மேல் நீடித்தாலோ, இரண்டு பக்கம் பார்த்தாலோ, முக்கிய நிகழ்வாகக் குறித்த ஒன்று நடந்தாலோ அது ஈடுபாடுள்ள செஷன். மூன்றுமே இல்லாததுதான் பவுன்ஸ். ஆகவே பழைய பாடப்புத்தகத்தில் உள்ள "நல்ல பவுன்ஸ் ரேட்" எல்லைகளை GA4 எண்ணோடு ஒப்பிட்டு எழுதாதீர்கள்.

இன்னொன்று. பவுன்ஸ் ரேட் 2%, 3% என்று வந்தால் பாராட்டி எழுதும் முன் சந்தேகப்படுங்கள். அளவிடும் குறியீடு ஒரே பக்கத்தில் இரண்டு முறை பதிந்திருந்தால், `page_view` இரண்டாகப் பதிவாகி, வந்தவர் எல்லோரும் இரண்டு பக்கம் பார்த்ததாகக் கணக்காகிவிடும். தள மாற்றம் நடந்த நாளில் பவுன்ஸ் ரேட் திடீரென விழுந்து, ஆர்டர் மட்டும் அப்படியே இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கடைசியாக சிபிஏ. 400, 600-ஐப் பார்த்ததும் "எல்லாப் பணத்தையும் தேடலுக்கு மாற்றலாம்" என்று முடிப்பதுதான் வழக்கம். ஆனால் சிபிஏ என்பது cost per acquisition. அதில் உள்ள 'ஏ', அதாவது acquisition, எதைக் குறிக்கிறது? புதிய வாடிக்கையாளர் கிடைப்பதையா, ஆர்டர் வருவதையா? அசைன்மென்டின் இரண்டாம் பக்கத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள்: தேடல் வழி வந்த 120 ஆர்டரில் 60 பழைய வாடிக்கையாளர்களுடையவை, சமூக ஊடகத்தில் 15 மட்டுமே. கடையின் பெயரையே தேடி விளம்பரத்தைச் சொடுக்கியவர்கள் இதில் இருப்பார்கள், நடைமுறையிலும் இது சகஜம். ஒரு புதியவருக்கு ஓர் ஆர்டர் என்று கொண்டால், தேடலுக்கு 48,000 ÷ 60 = 800. சமூக ஊடகத்துக்கு 90,000 ÷ 135 = 667. வரிசையே தலைகீழாகிவிட்டது. இரண்டு கணக்கும் சரி, கேள்வி எதைக் கேட்டது என்பதுதான் விடையைத் தீர்மானிக்கிறது.

அப்படியே பணத்தை மாற்றினாலும் அடுத்த 60 ஆர்டர் அதே 400-க்குக் கிடைக்காது. தேடுபவர்கள் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் தொடர்பு குறைந்த சொற்களுக்கும் காசு கட்ட வேண்டிவரும். 400 என்பது இதுவரை ஆன செலவின் சராசரிதான், அடுத்த ஆர்டரின் விலை அதில் தெரியாது.

மாதத்தின் கடைசி வாரத்தை மட்டும் தனியாகப் பிரித்து "சிபிஏ ஏறிவிட்டது" என்று எழுதுபவர்களும் கவனிக்க வேண்டும். சொடுக்கிய அன்றே செலவு பதிவாகிறது, ஆர்டர் சில நாள் கழித்தும் வரும். கூகுள் ஆட்ஸ் அறிக்கையில் அந்த ஆர்டர் பொதுவாகச் சொடுக்கிய நாளின் கணக்கில்தான் போய்ச் சேரும். இரண்டு வாரம் கழித்து அதே வாரத்தைத் திறந்து பார்த்தால் சிபிஏ இறங்கியிருக்கும். அதனால் அட்டவணைக்குக் கீழே அறிக்கை எடுத்த தேதியையும் எழுதுங்கள்.